திறந்து கிடந்த கதவும் இரவின் கணக்கும்

ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ள பல்கேரியாவிலிருந்து ஒரு பெண் வந்தார். அவரை வேலைக்கு எடுத்து அனுப்பியது பல்கேரிய நிறுவனம் ஒன்று. மூதாட்டியின் வீட்டிலேயே அவருக்கு ஓர் அறை தரப்பட்டது. வாரத்துக்கு 30 மணி நேர வேலை, சனி ஞாயிறு விடுமுறை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் நாளைக்கு 6 மணி நேரம்.

அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்னது வேறு. காலை 6 மணிக்குத் தொடங்கினால் இரவு 10, 11 வரை வேலை. அதன் பிறகும் தன் அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மூதாட்டி கூப்பிட்டால், உதாரணமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால், எழுந்து போக வேண்டும். ஆகவே தனக்கு ஒரு நாளின் 24 மணி நேரத்துக்கும் கூலி வேண்டும் என்றார். 2015-ஆம் ஆண்டின் ஏழு மாதங்களுக்கு அவர் கேட்ட தொகை 42,636 யூரோ. அதில் ஏற்கெனவே கைக்கு வந்திருந்த 6,680 யூரோவைக் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று பார்ப்பது சுலபம். அன்றைய ஜெர்மானியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு எட்டரை யூரோ. 24 மணி நேரத்துக்கு 204 யூரோ. 42,636-ஐ 204-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 209 வரும். 209 நாள், நாளுக்கு 24 மணி.

ஒரு பக்கம் 6, இன்னொரு பக்கம் 24. ஒரே வீடு, ஒரே பெண், ஒரே நாள். நடுவில் இருக்கும் 18 மணி நேரம் என்ன ஆயிற்று?

அந்த 18 மணி நேரத்துக்கு எந்தக் காகிதமும் இல்லை என்பதுதான் வழக்கின் முடிச்சு. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் ஒரு மதிப்பீடு செய்தது. நாளைக்கு மூன்று மணி நேரமாவது அந்தப் பெண்ணால் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ள முடிந்திருக்கும், ஆகவே வேலை 21 மணி நேரம் என்றது. 2021 ஜூன் 24 அன்று ஜெர்மனியின் உச்ச தொழிலாளர் நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, வீட்டில் தங்கி, கூப்பிட்டால் எழுந்து வரக் காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. இரண்டு, அந்த மூன்று மணி நேர ஓய்வு எங்கிருந்து வந்தது? அதற்கு ஆதாரம் எதுவும் காணோம். அதனால் வழக்கு திரும்பவும் கீழே போனது.

கவனிக்க வேண்டிய இடம் இது. எழுதி வைக்காத ஓய்வு நீதிபதியின் ஊகமாகிவிடுகிறது. எழுதி வைக்காத வேலையும் அப்படித்தான்.

கூடவே தங்கிப் பார்த்துக்கொள்பவரின் நாளில் மூன்று வகை நேரம் இருக்கிறது. முதலாவது, கையும் காலும் ஓடும் வேலை. குளிப்பாட்டுவது, சாதம் ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, மாத்திரை கொடுப்பது, படுக்கையில் புரட்டிப் போடுவது. இதில் யாருக்கும் சண்டை இல்லை. இரண்டாவது, ஓய்வு. மூன்றாவது, காத்திருப்பு. கை சும்மா இருக்கும், காது சும்மா இருக்காது. தகராறு முழுக்க இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவிலுள்ள கோட்டில்தான்.

அந்தக் கோட்டை எங்கே போடுவது? அமெரிக்கக் கூட்டாட்சித் தொழிலாளர் விதிகள் இதற்கு ஒரு நல்ல உரைகல்லைத் தருகின்றன. ஓய்வு என்று கழிக்க வேண்டுமானால் அந்த ஆள் பணியிலிருந்து முழுதாக விடுபட்டிருக்க வேண்டும். தன் சொந்தக் காரியத்துக்குப் பயன்படும் அளவுக்கு அந்த நேரம் நீளமாக இருக்க வேண்டும். 'நீங்கள் போகலாம், இத்தனை மணிக்குத் திரும்பினால் போதும்' என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்க வேண்டும். இதில் மூன்றாவது நிபந்தனைதான் பெரும்பாலான வீடுகளில் தோற்றுப்போகிறது. பெரியவர் மதியம் இரண்டு மணி நேரம் தூங்குகிறார். பார்த்துக்கொள்பவர் கூடத்தில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்க்கிறார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது ஓய்வு. ஆனால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வர முடியுமா? பெரியவர் எப்போது விழிப்பார் என்று யாருக்காவது தெரியுமா? முடியாது, தெரியாது என்றால் அது காத்திருப்பு. பகலில் அப்படிக் காத்திருப்பது அமெரிக்க விதிப்படி முழு வேலை நேரம்.

சாப்பாட்டுக்கும் இதே அளவுகோல். பணியிலிருந்து முழுக்க விடுபட்டு, வழக்கமாக அரை மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்து சாப்பிட்டால் அது உணவு இடைவேளை. அதைக் கழிக்கலாம். அடுப்பங்கரையில் நின்றபடி, 'அம்மா, தண்ணி' என்ற குரலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டால் அது வேலை. ஐந்து நிமிடம் முதல் இருபது நிமிடம் வரையிலான சின்ன இடைவேளைகளையும் கழிக்கக் கூடாது.

இரவுக்கு மட்டும் தனிக் கணக்கு. 24 மணி நேரப் பணியில் இருப்பவர் என்றால், இரு தரப்பும் ஒப்புக்கொண்டபடி, அதிகபட்சம் எட்டு மணி நேரத்தைத் தூக்க நேரமாகக் கழிக்கலாம். ஒழுங்கான படுக்கை வசதி இருக்க வேண்டும், பெரும்பாலும் தடையில்லாமல் தூங்க முடிகிற இடமாகவும் இருக்க வேண்டும். நடுவில் எழுந்து செய்த வேலையைத் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படி எழுந்து எழுந்து மொத்தத் தூக்கமே ஐந்து மணி நேரம் தேறவில்லை என்றால், அந்த எட்டு மணி நேரமும் வேலையாகிவிடும்.

நியூயார்க் மாநிலம் இதில் ஒரு சொல்லைச் சேர்க்கிறது. ஐந்து மணி நேரம் தூங்கினால் போதாது, அது இடைவிடாத ஐந்து மணி நேரமாக இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் தூக்கத்துக்கு, மூன்று மணி நேரம் உணவுக்கு என்று பதினொன்றைக் கழித்து, 24 மணி நேரப் பணிக்கு 13 மணி நேரக் கூலி கொடுப்பது அங்கே வழக்கம். 'பதின்மூன்று மணி நேர விதி' என்றே அதற்குப் பெயர். அந்த விளக்கம் சரியா என்ற வழக்கில், சரிதான் என்று 2019 மார்ச் 26 அன்று மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் விதியின் மறுபாதியும் அதோடு சேர்ந்தே நிற்கிறது. இடைவிடாத ஐந்து மணி நேரம் கிடைக்காத இரவில் எட்டு மணி நேரத்தைக் கழிக்கவே முடியாது.

ஒரு நாளைப் போட்டுப் பார்த்தால்தான் இது விளங்கும். நியூயார்க் நகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் 84 வயதுப் பெரியவர். அவரோடு ஒரு பெண் தங்கியிருக்கிறார். கணக்குக்காக உருவாக்கிய வீடுதான், ஆனால் இதில் நடப்பவை எந்த வீட்டிலும் நடப்பவை. அந்தப் பெண் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு வரியிலும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன நடந்தது, பக்கத்தில் ஓர் எழுத்து. வேலைக்கு 'வே', ஓய்வுக்கு 'ஓ', காத்திருப்புக்கு 'கா'.

காலை 6 மணிக்கு நாள் தொடங்குகிறது. பல் துலக்கி, உடம்பு துடைத்து, மாத்திரை கொடுத்து, கஞ்சி ஊட்டுவது வரை 'வே'. எட்டேகாலுக்கு அவர் தன் காலை உணவை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். அதற்குள் இரண்டு முறை கூப்பிட்டாகிவிட்டது. அதையும் 'வே' என்றே எழுதுகிறார். சரியாகத்தான் எழுதுகிறார். மதியம் 1 மணிக்குப் பெரியவரின் மகன் வந்து பக்கத்தில் உட்காருகிறார். ஒன்றரை வரை அவர் நிம்மதியாகச் சாப்பிடுகிறார். இது 'ஓ'. இரண்டிலிருந்து நான்கு வரை பெரியவர் தூங்குகிறார், வீட்டில் வேறு ஆள் இல்லை. இது 'கா'. நான்கு மணிக்கு மருமகள் வருகிறார், 'ஆறு மணிக்கு வந்தால் போதும்' என்கிறார். அந்தப் பெண் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, பூங்காவில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். இரண்டு மணி நேரம் 'ஓ'. இரவு 8 மணிக்கு, மருமகள் பார்த்துக்கொள்ள, அரை மணி நேரம் சாப்பாடு. இதுவும் 'ஓ'. பத்து மணிக்கு விளக்கை அணைக்கிறார்கள்.

காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை 16 மணி நேரம். ஓய்வு அரை, இரண்டு, அரை என்று மூன்று மணி நேரம். மதியக் காத்திருப்பையும் சேர்த்து வேலை 13 மணி நேரம்.

இனி இரவு. 11.40-க்குப் பெரியவர் கூப்பிடுகிறார். பெட்பேன் வைத்து, சுத்தம் செய்து, அவரைச் சாய்த்துப் படுக்க வைத்து, தானும் படுக்கும்போது மணி 12.05. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு விரிப்பு நனைந்துவிட்டது. உடை மாற்றி, விரிப்பு மாற்றி, மறுபடி படுக்கும்போது மூன்று. நான்கரைக்குத் தண்ணீர் கேட்கிறார், நாலே முக்காலுக்கு முடிகிறது. ஆறு மணிக்கு அடுத்த நாள்.

எழுந்து வேலை செய்த நேரம் 25, 50, 15 நிமிடங்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம். மீதமுள்ள தூக்கம் ஆறரை மணி நேரம். கூட்டாட்சி விதியின் அளவுகோலால் அளந்தால், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறார், ஆகவே ஒன்றரை மணி நேரத்தை மட்டும் கூட்டினால் போதும். அன்றைய வேலை பதினாலரை மணி நேரம்.

நியூயார்க் அளவுகோலால் அளந்து பார்த்தால் கதை மாறுகிறது. அந்த ஆறரை மணி நேரம் நாலு துண்டுகளாக உடைந்து கிடக்கிறது. முதல் துண்டு 1 மணி 40 நிமிடம். அடுத்தது 2 மணி 5 நிமிடம். பிறகு ஒன்றரை. கடைசியாக ஒன்றேகால். ஆக நீளமான துண்டே இரண்டு மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டுகிறது. இடைவிடாத ஐந்து மணி நேரம் இல்லை. ஆகவே எட்டு மணி நேரமும் கணக்கில் வர வேண்டும். அன்றைய வேலை 21 மணி நேரம்.

அதே இரவை யாரும் எழுதி வைக்கவில்லை என்றால்? முகவர் நிறுவனத்தின் தாளில் '10 முதல் 6 வரை தூக்கம்' என்று முன்பே அச்சடித்திருக்கும். கூலி 13 மணி நேரத்துக்கு வரும். 13, பதினாலரை, 21 என்று ஒரே இரவுக்கு மூன்று விடைகள். மூன்றில் எது என்று முடிவு செய்வது அந்த நோட்டின் மூன்று வரிகள்தான். அந்த மாநிலத்தில் 2010-இல் வந்த வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டப்படி, வேலை தரும் வீட்டிலேயே தங்கியிருப்பவருக்கு வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் போனால் கூடுதல் நேரக் கூலி, அதாவது ஒன்றரை மடங்கு. வாரத்தில் ஆறு நாளும் இப்படியே போனால், 21 மணி நேரக் கணக்கில் வாரத்துக்கு 126 மணி வரும். அதில் 82 மணி நேரம் ஒன்றரை மடங்குக் கூலிக்கு உரியது.

நோட்டில் சின்னச் சின்ன விஷயங்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதே இரவு சாட்சி. 'இரவு மூணு தடவை எழுந்தேன்' என்று எழுதினால் எதுவும் நிரூபணமாகாது. எப்போது எழுந்தார் என்பது தெரிந்தால்தான் தூக்கம் எந்த இடத்தில் உடைந்தது என்று தெரியும். பத்தரைக்கும், பத்தே முக்காலுக்கும், ஐந்தே முக்காலுக்கும் எழுந்திருந்தால் நடுவில் ஏழு மணி நேரம் முழுசாகக் கிடைத்திருக்கும். எண்ணிக்கை அதே மூன்றுதான், விடை நேர்மாறு. எழுந்த நேரத்தைப் போலவே திரும்பப் படுத்த நேரமும் முக்கியம். பலரும் எழுந்ததை எழுதுகிறார்கள், படுத்ததை எழுதுவதில்லை. ஐம்பது நிமிட வேலை அதனால் ஒரு 'தடவை'யாகச் சுருங்கிவிடுகிறது.

இரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பேனா தேடுவது நடக்காத காரியம் என்பது உண்மைதான். அதற்கு ஒரு வழி, படுக்கைப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு மணியை மட்டும் கிறுக்கிவிட்டு, காலையில் முதல் வேலையாக நோட்டில் ஏற்றுவது. காலையில் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால், எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதற்குப் போனே சாட்சியாக இருக்கும். வாரக் கடைசியில் ஞாயிறு மாலை உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதுவது ஆபத்து. அப்படி எழுதிய நோட்டைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். எல்லா நேரமும் அரை மணி, ஒரு மணி என்று முழுசாக இருக்கும். ஏழு இரவும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே பேனா, ஒரே சாய்வு. உண்மையான இரவுகள் அப்படி இருப்பதில்லை. ஒரு இரவு நிம்மதியாகப் போயிருக்கும், அடுத்த இரவு ஆறு முறை எழுந்திருப்பார்கள். நிம்மதியாகப் போன இரவையும் 'எழவில்லை' என்று எழுதி வைத்த நோட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

நோட்டைச் சோதிக்க வீட்டிலேயே இன்னொரு சாட்சி உண்டு. அது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. எழுந்து நடமாட முடியாதவருக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருப்பது வழக்கம். இரவுக்கு விலக்கு என்று அதில் இருக்காது. அதே கோப்பில், அதே ஆளுக்கு, 'இரவு 10 முதல் 6 வரை தடையற்ற தூக்கம்' என்றும் எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று பொய். ஒன்று நோயாளியைப் புரட்டவில்லை, அல்லது பார்த்துக்கொள்பவர் தூங்கவில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்ற சீட்டும், மாதத்துக்கு வாங்கிய டயப்பர் கட்டுகளின் எண்ணிக்கையும்கூட இப்படிப் பேசும். குடும்பத்தார் வேலைக்கு ஆள் வைக்கும் முன்பே இந்தத் திட்டத்தை ஒரு முறை மணி பார்த்துப் படித்துவிட்டால், ஒரே ஆளால் இரவும் பகலும் செய்யக்கூடிய வேலையா, இரவுக்குத் தனி ஆள் வேண்டுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

எழுத வேண்டிய பொறுப்பு யாருடையது? பார்த்துக்கொள்பவர்தான் எழுத வேண்டும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. கூடவே தங்கும் வீட்டுப் பணியாளர் விஷயத்தில், 'நாளைக்கு இத்தனை மணி' என்ற ஒப்பந்தத் தாளையே பதிவேடாக வைத்துக்கொள்ள அமெரிக்காவில் முன்பு இடம் இருந்தது. 2015-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் அந்தச் சலுகையை எடுத்துவிட்டன. உண்மையில் வேலை செய்த நேரத்தை எழுத வேண்டும். எழுதித் தரும்படி பணியாளரைக் கேட்கலாம், ஆனால் பதிவேடு இருக்க வேண்டிய பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. பதிவேடே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-இலேயே பதில் சொல்லிவிட்டது. அது ஒரு மண்பாண்டத் தொழிற்சாலை பற்றிய வழக்கு. முதலாளி கணக்கு வைக்கவில்லை என்றால், தொழிலாளி நியாயமான ஓர் உத்தேசக் கணக்கைக் காட்டினால் போதும். அது தவறென்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பாடு.

ஐரோப்பாவில் இதே கேள்வி அண்மையில்தான் வீட்டுக்குள் நுழைந்தது. ஊழியர்களின் தினசரி வேலை நேரத்தை அளக்க நம்பகமான ஏற்பாடு ஒன்றை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. ஸ்பெயினில் வீடுகளுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு இருந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு வீட்டுப் பணிப்பெண், கூடுதல் நேரக் கூலி கேட்டு அங்கே வழக்குப் போட்டார். அவர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதற்கு வீட்டாரிடம் பதிவு எதுவும் இல்லை. 2024 டிசம்பர் 19 அன்று அதே ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. முதலாளி ஒரு குடும்பம் என்பதற்காக மணி பார்க்காமல் இருக்க முடியாது. வீட்டுக்கேற்றபடி முறையை எளிமையாக்கிக்கொள்ளலாம், முறையே இல்லாமல் இருக்கக் கூடாது.

காத்திருப்புக்கு எல்லா நாடும் ஒரே விலை வைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் ஒரு பராமரிப்பாளரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரவு 10 முதல் காலை 7 வரை, உதவி தேவைப்படும் இரண்டு பேர் வசிக்கும் வீட்டில் அவர் தங்க வேண்டும், தூங்கலாம், தேவைப்பட்டால் எழ வேண்டும். ஓர் இரவுக்கு 29 பவுண்டு 5 பென்ஸ் என்று மொத்தமாகக் கொடுத்தார்கள். ஒன்பது மணி நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று அவர் கேட்டார். 2021 மார்ச் 19 அன்று வந்த தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. வேலைக்காக விழித்திருந்த நேரம் மட்டுமே கணக்கு, தூங்க அனுமதிக்கப்பட்ட நேரம் கணக்கில்லை என்றது நீதிமன்றம். அந்த வழக்கின் பதிவில் 16 மாதங்களில் அவர் இரவில் எழ வேண்டிவந்தது ஆறே முறை. மூன்று மாதம் கழித்துத்தான் ஜெர்மானிய நீதிமன்றம் பெர்லின் வழக்கில் இதற்கு நேரெதிரான பக்கம் நின்றது. தென்னாப்பிரிக்காவில் வீட்டுப் பணியாளருக்கான விதிகள் நடுவழி ஒன்றைப் பிடித்தன. இரவு 8 முதல் காலை 6 வரை தூங்கிக்கொண்டே காத்திருப்பதற்கு ஒவ்வோர் இரவுக்கும் தனிப்படி கொடுக்க வேண்டும். மாதத்துக்கு ஐந்து இரவுகளுக்கு மேல், வருடத்துக்கு ஐம்பதுக்கு மேல் அப்படிக் கேட்கக் கூடாது.

விலை எதுவானாலும் நோட்டின் வடிவம் மாறுவதில்லை. பிரிட்டன் கணக்கில் எழுந்த நிமிடங்களுக்கு மட்டும்தான் பணம் என்றால், அந்த நிமிடங்களை எழுதாவிட்டால் அதுவும் போய்விடும். ஜெர்மனிக் கணக்கில் காத்திருப்புக்கும் பணம் என்றால், எது காத்திருப்பு, எது உண்மையான ஓய்வு என்று பிரித்து எழுதாவிட்டால் வீட்டாருக்குத்தான் நஷ்டம். நோட்டு பணியாளரின் ஆயுதம் என்று வீட்டார் பயப்படுவது பாதிதான் சரி. மருமகள் வந்து இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டதை 'ஓ' என்று எழுதி, அதன் கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால், பின்னால் அந்த இரண்டு மணி நேரத்தை யாரும் வேலை என்று கேட்க முடியாது.

2011-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய வீட்டுப் பணியாளர் உடன்படிக்கை, அதன் 189-ஆவது உடன்படிக்கை, காத்திருப்பைப் பற்றி நேரடியாகப் பேசுகிறது. தன் நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிட முடியாமல், அழைப்புக்காக அந்த வீட்டின் வசம் இருக்கும் நேரத்தை வேலை நேரமாகக் கொள்ள வேண்டும், எந்த அளவுக்கு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கலாம் என்கிறது. அதோடு வந்த பரிந்துரை இன்னும் தெளிவு. வேலை நேரத்தையும் கூடுதல் நேரத்தையும் காத்திருப்பையும் துல்லியமாகப் பதிய வேண்டும். அந்தப் பதிவைப் பணியாளர் எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடிய வேண்டும். இந்தியா இந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. '24 மணி நேர ஆள்' என்று மாதச் சம்பளம் பேசி வைத்துக்கொள்ளும் நம் ஊர் வீடுகளில் அந்த 24-ஐ யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பெர்லின் வழக்கு 2022 செப்டம்பர் 5 அன்று முடிந்தது. கையில் நோட்டு எதுவும் இல்லாததால், ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டில் நடந்ததை நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உறவினர்கள் மூதாட்டியோடு இருந்த சில நேரங்களை மட்டும் கழித்துவிட்டு, மற்றபடி அந்தப் பெண் 24 மணி நேரமும் வேலையிலோ காத்திருப்பிலோ இருந்தார் என்று அது ஏற்றுக்கொண்டது. அவர் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. தீர்ப்பான தொகை 38,709 யூரோ.